90-இல் 46 ஜெயித்தும் நஷ்டம் ஏன்?

கேள்வி: இந்த என்எஃப்எல் அமெரிக்கக் கால்பந்து சீசனில் வாரம் 5 என்று 18 வாரமும், ஓர் அணி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பதை வைத்துக் கட்டும் ஸ்ப்ரெட் பந்தயம் கட்டினேன். எல்லாமே -110, ஒவ்வொன்றிலும் 110 டாலர். 46 ஜெயித்து 44 தோற்றேன். அப்புறமும் 240 டாலர் நஷ்டம். எத்தனை சதவீதம் ஜெயித்தால் கையைக் கடிக்காது?

பதில்: 52.38 சதவீதம். 90 பந்தயத்தில் அது 47-க்குச் சற்று மேல். 47 ஜெயித்திருந்தாலும் உங்களுக்கு 30 டாலர் போயிருக்கும். 48 ஜெயித்திருந்தால்தான் 180 டாலர் வரவு.

இந்த எண் வரும் வழி எளிது. -110 என்றால் 100 டாலர் லாபம் பார்க்க 110 டாலரைப் பணயம் வைக்கிறீர்கள். ஒரு தோல்வியில் போன 110-ஐ ஒரு வெற்றி முழுசாக மீட்டுத் தராது. 10 டாலர் துண்டு விழும். 210 பந்தயத்தில் 110 ஜெயித்து 100 தோற்றால் 11,000 வந்து 11,000 போகும், கணக்கு நேராகும். அதனால்தான் 110-ஐ 210-ஆல் வகுக்கிறோம். ஸ்ப்ரெட் சரியாக 3 என்று இருந்து, ஆட்டமும் சரியாக 3 புள்ளியில் முடிந்தால் பணம் அப்படியே திரும்பி வரும். அந்தப் பந்தயங்களை வெற்றியிலும் சேர்க்காதீர்கள், தோல்வியிலும் சேர்க்காதீர்கள்.

50-க்கும் 52.38-க்கும் வித்தியாசம் வெறும் 2.38 சதவீதம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். பாதிக்குப் பாதி ஜெயிப்பவர் ஒவ்வொரு 110 டாலர் பந்தயத்திலும் சராசரியாக 5 டாலர் இழக்கிறார். கட்டிய பணத்தில் அது 4.55 சதவீதம். 90 பந்தயத்துக்கு மொத்தம் கட்டுவது 9,900 டாலர். அதில் போவது 450. ஆனால் சீசன் தொடக்கத்தில் யாரும் 9,900-ஐக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. 2,000 டாலரோடு தொடங்கி அதையே சுற்றிச் சுற்றிக் கட்டுகிறோம். அந்த 2,000-இல் 450 என்பது 22.5 சதவீதம். பந்தயம் எடுக்கும் புக்மேக்கர் இந்த விலைக்குள் வைத்திருக்கும் கமிஷன் நீங்கள் போட்ட முதலுக்குக் கிடையாது. அதே பணம் மேசைக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் உண்டு.

உண்மையிலேயே திறமை உள்ளவருக்கு இது இன்னும் வலிக்கும். நீண்ட காலத்தில் 53 சதவீதம் ஜெயிப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். கமிஷனே இல்லாமல் 110-க்கு 110 கொடுத்தால், அவருக்குப் பந்தயத்துக்கு 6.60 டாலர் நிற்கும். -110 விலையில் நிற்பது 1.30 மட்டும். 90 பந்தயத்தில் 594 டாலர் வரவேண்டிய இடத்தில் 117 வருகிறது. அவர் மூளையைக் கசக்கிச் சம்பாதித்ததில் ஐந்தில் நான்கு பங்கு விலையிலேயே போய்விடுகிறது.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். சில சீசன்களாக என் பந்தயங்களை ஒவ்வொன்றாக எழுதி வைக்கிறேன். முதல் சீசனில் 49 ஜெயித்தபோது எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது என்றே நம்பினேன். அது தப்பு. காசைச் சுண்டிப் பார்த்து 90 பந்தயம் கட்டினாலும் வெற்றிகள் 45-ஐச் சுற்றி ஐந்து மேலே, ஐந்து கீழே என்று சாதாரணமாகவே ஆடும். அப்படிச் சுண்டுகிறவர்களில் 10 பேருக்குச் சுமார் 3 பேர் 48-ஐத் தொட்டு லாபத்தில் முடிப்பார்கள். ஒரே சீசனை வைத்து உங்கள் 46-ஐயும் எடைபோட முடியாது, என் 49-ஐயும் முடியாது.

விலை அப்படியில்லை, அது கட்டும் முன்பே கண்ணுக்குத் தெரிகிறது. அதே ஆட்டம், அதே ஸ்ப்ரெட், வேறொரு இடத்தில் -105-க்குக் கிடைத்தால் அங்கே கட்டுங்கள். அங்கே 51.22 சதவீதம் போதும். 100 ஜெயிக்க 105 வைத்திருந்தால் உங்கள் அதே 46-44 கணக்கு 240-க்குப் பதில் 20 டாலர் நஷ்டத்தோடு முடிந்திருக்கும். ஓர் ஆட்டத்தைக்கூட நீங்கள் கூடுதலாகச் சரியாகக் கணிக்க வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். ஸ்ப்ரெட்டை அரைப் புள்ளி நகர்த்தித் தருகிறோம் என்று -120 கேட்பார்கள், அதற்கு 54.55 சதவீதம் ஜெயிக்க வேண்டும். என்எஃப்எல்லில் அதிக ஆட்டங்கள் முடிவது 3 புள்ளி வித்தியாசத்தில், அதனால் அந்த எண்ணைத் தாண்ட வாங்கும் அரைப் புள்ளிக்கு மதிப்பு உண்டு. 5-ஐ ஒட்டி வாங்குவதற்கு அவ்வளவு இல்லை. இரண்டு -110 பந்தயங்களைச் சேர்த்து, இரண்டும் ஜெயித்தால்தான் பணம் என்ற பார்லேயாகக் கட்டினால், பாதிக்குப் பாதி ஜெயிப்பவரின் இழப்பு 4.55-இலிருந்து கிட்டத்தட்ட 9 சதவீதமாகிவிடும். உங்கள் 90-இல் பார்லே ஏதாவது இருந்தால் அதைத் தனித் தாளில் எழுதிப் பாருங்கள்.