கூரைல தண்ணி எங்க நிக்குதுன்னு பார்த்துட்டு பட்ஜெட் போடுங்க

கேள்வி: எங்க ஊரு பள்ளிக்கூடத்துல ஒரு வகுப்பறைய சரி பண்ண, கம்பெனில சமூகப் பணிக்கு காசு ஒதுக்குற சிஎஸ்ஆர் கமிட்டிக்கு லெட்டர் எழுதணும். கூட பட்ஜெட்டும் கேக்குறாங்க, எப்படி போடுறது?

உங்க பள்ளிக்கூடமும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடமாத்தான் இருக்கும்னு நினைச்சு சொல்றேன். நான் உசிலம்பட்டி பக்கம், பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கேன். நான் இன்ஜினியரும் இல்ல ஆடிட்டரும் இல்ல, இவ என்ன பெருசா சொல்ல வந்துட்டான்னு யாராச்சும் கேப்பீங்க, ரெண்டு தடவ எழுதி ஒரு தடவ திரும்பி வந்ததால சொல்றேன்.

மொத லெட்டர்ல நாங்க "வகுப்பறை பழுது நீக்க தோராயமா 5 லட்சம்"னு ஒத்த வரி போட்டோம். பள்ளிக்கூடத்தோட பெருமை மட்டும் ரெண்டு பக்கம். எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு அனுப்புங்க, கட்டடம் யாருதுன்னு காட்டுங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்ப கோவந்தான் வந்துச்சு, இப்ப யோசிச்சா அவுங்க கேட்டது சரிதான்.

எங்க ரூம் இருபதுக்கு இருபது அடி. சீலிங் பூச்சு பேர்ந்து புள்ளைக தலைல விழுந்துட்டு இருந்துச்சு, நான் உள்பூச்சுக்கும் பெயிண்டுக்கும் மட்டும் கணக்கு கேட்டேன். கொத்தனார் வேலை பாக்குற எங்க சித்தப்பா மேல ஏறிப் பார்த்துட்டு, "ஏத்தா, மேல தண்ணி நிக்குது, நீ உள்ள பூசி என்ன செய்ய?"ன்னாரு. வேப்பிலை விழுந்து மழத்தண்ணி போற குழாய் அடைச்சு, தண்ணி தேங்கி, தட்டோடு பொளந்து, கைப்பிடிச் சுவர் சேர்ற மூலைல இறங்கி உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கு. துருப்பிடிச்சா கம்பி உப்பும், உப்புனா பூச்சத் தள்ளிரும். முன்னாடி ஒருத்தர் நல்ல மனசோட செவுத்துல படமெல்லாம் வரைஞ்சு குடுத்தாரு, ஒரே ஐப்பசில ஊறி உரிஞ்சு போச்சு.

அதனால சித்தப்பா கம்பால சீலிங்க தட்டித் தட்டி பொக்குன்னு சத்தம் வந்த இடத்தெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டாரு. அளந்தா 400 சதுர அடில 150 தான் போயிருக்கு. கம்பி மெலிஞ்சு போயிருந்தா ஒட்டுப் பூச்சு பிரயோஜனம் இல்ல, அத நம்ம முடிவு பண்ணக்கூடாது, ஒன்றிய இன்ஜினியர கூட்டிட்டு வந்து பார்க்க வச்சு எஸ்டிமேட்ல கையெழுத்து வாங்குனோம். அவர் வர நாலு வாரம், சாயங்கால பஸ்ஸ வேற நிப்பாட்டிட்டாங்க, ஆபீசுக்கு அலைஞ்சு ராத்திரி நடந்து வந்தேன், பொம்பளைக எப்படி வருவாகன்னு ஒருத்தரும் யோசிக்கல.

ரெண்டாவது பட்ஜெட்டுல மொத வரியே கூரை. 460 சதுர அடி பழைய தட்டோட எடுத்துட்டு புதுசா போட அடிக்கு 130, ஆக 59,800. சீலிங் 150 அடி கொத்தி, துரு தேச்சு, கம்பிக்கு பூச்சு குடுத்து, திரும்பப் பூச 24,000. தரை 36,000, பெயிண்ட் 32,800, வயரிங் ஃபேன் 18,000, கதவு ஜன்னல் 14,000. கூட்டுனா 1,84,600. இங்கதான் நெறைய பேர் கோட்ட விடுறாங்க: கம்பெனி பில் கேக்கும், கான்ட்ராக்டர் பில்லுல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். அது 33,228. இத விட்டுட்டா அப்புறம் பெயிண்ட்லதான் கை வைக்கணும். எங்க ஊரு கூலிக்கு வந்த ரேட்டு இது, அப்படியே காப்பி அடிச்சுறாதீங்க, ரெண்டு மூணு கொட்டேஷன் வாங்குங்க.

லெட்டர் ஒரே பக்கம் போதும். கட்டடம் ஒன்றியத்துது, அதனால பிடிஓ சம்மதக் கடிதத்த கூட வைங்க. காசு நேரா உங்க கைல தர மாட்டாங்க, கம்பெனியே செய்யும், இல்லன்னா சிஎஸ்ஆர் வேலை செய்ய அரசாங்கத்துல சிஎஸ்ஆர்-1 பதிவு எண் வாங்குன டிரஸ்ட் மூலமா செய்யும். எப்படி செய்வீங்கன்னு நீங்களே கேட்டு எழுதிருங்க. மார்ச் 31ல அவுங்க வருஷக் கணக்கு முடியும், அதனால தை மாசம் வரைக்கும் இழுத்தடிக்காதீங்க. வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னாடி மொட்டமாடி இலைய அள்ளி குழாய சுத்தம் பண்றது எங்க குழு பொறுப்புன்னு ஒரு வரி எழுதுனோம், போன்ல பேசுன மேடம் அதத்தான் ரெண்டு தடவ விசாரிச்சாங்க.

தனித்தனி வரியா இருந்ததால தரைய மட்டும் வெட்டிட்டு மிச்சத்த குடுத்தாங்க, ஜிஎஸ்டியோட 1,75,348. ஒத்த தொகையா போட்டிருந்தா கூரைக்கே பத்தாம குறைச்சிருப்பாங்க. போன ஐப்பசில புள்ளைக பெஞ்ச ஓரத்துக்கு இழுக்கல. தரைக்குத்தான் இப்ப வேற கம்பெனிக்கு எழுதிட்டு இருக்கேன்.