கார் மேல் மின்கம்பி விழுந்தால் இறங்கலாமா?

கேள்வி: பெங்களூரு மழையில் மரம் சாய்ந்து, கம்பி கார் மேல் விழுந்தால் உடனே இறங்கி ஓடலாமா?

இறங்காதீர்கள். அல்சூர் பக்கம் மே மாத மழையில் குல்மொஹர் கிளை ஒடிந்து கம்பியோடு விழுவது நமக்குப் பழகிப்போன காட்சி. காருக்குள் இருப்பவரைக் காப்பது டயர் ரப்பர் இல்லை, சுற்றியுள்ள இரும்புக் கூடுதான். உள்ளே எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் உடம்பு வழியே மின்சாரம் பாயாது. ஒரு கால் தரையில், ஒரு கை கதவில் என்று இறங்கும் அந்த நொடிதான் ஆபத்து.

பொறி பறக்கவில்லை, தெருவே இருட்டு என்று நம்பிவிடக் கூடாது. தார் ரோட்டில் கிடக்கும் 11,000 வோல்ட் கம்பியில் மின்னோட்டம் குறைவாக இருந்தால், மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர் விழாமலே போகலாம். பிரேக்கர் விழுந்தாலும் லைன் தானாகத் திரும்ப உயிர்பெறலாம்.

உள்ளிருந்தே மின்சாரப் புகார் எண்ணான 1912-க்கு அழைத்து, பக்கத்துக் கம்பத்தின் எண்ணையோ கடைப் பெயரையோ சொல்லுங்கள். உதவ ஓடி வருபவர்களை, "அண்ணா, கிட்ட வராதீங்க!" என்று 10 மீட்டருக்கு அப்பாலேயே நிறுத்துங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் தள்ளி.

கார் தீப்பிடித்தால் மட்டும் வேறு வழியில்லை. காரையும் தரையையும் ஒரே சமயத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதியுங்கள். அப்புறம் பாதங்களை ஒட்டியபடி, தரையிலிருந்து தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். கம்பியைச் சுற்றித் தரையில் அடிக்கு அடி மின்னழுத்தம் மாறும். அகலக் கால் வைத்தால் அந்த வித்தியாசம் கால் வழியே பாயும்.