துபாய் மக்கள்தொகை அட்டவணை: வாசகர் கேள்விகள்

என் மகள் துபாயில்தான் பிறந்தாள். அவள் எந்தக் கணக்கில் வருவாள்?

வெளிநாட்டினர் கணக்கில்தான். இங்கே குடிமக்கள், குடிமக்கள் அல்லாதோர் என்று பிரிப்பது குடியுரிமையை வைத்து. பிறந்த ஊரை வைத்து அல்ல. நீங்கள் இந்தியக் குடிமகன் என்றால் அவளும் அப்படியே. எத்தனை வருடம் இருந்தாலும் அட்டவணையில் அவள் இருக்கும் பத்தி மாறாது.

அமீரகத்தில் குடிமக்கள் குறைந்துகொண்டே வருகிறார்களாமே?

இல்லை. பங்குதான் குறைந்தது, ஆட்கள் குறையவில்லை. 2005 கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் குடிமக்கள் 8.25 லட்சம், மற்றவர்கள் 32.8 லட்சம். 2010 நடு ஆண்டு மதிப்பீட்டில் குடிமக்கள் 9.48 லட்சம், மற்றவர்கள் 73.16 லட்சம். ஐந்து வருடத்தில் குடிமக்கள் சுமார் 15 சதவீதம் கூடியிருக்கிறார்கள். மற்றவர்கள் இரு மடங்குக்கு மேல் ஆனதால், 20 சதவீதமாக இருந்த குடிமக்கள் பங்கு 11.5 ஆக இறங்கியது. துபாய் வரிசையில் அந்த 2010 மதிப்பீடு காட்டும் குடிமக்கள் 1.68 லட்சம் பேர்.

இந்த இரண்டு வருடங்களையும் ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2005 வீடு வீடாக எடுத்த கணக்கு. 2010 அரசுப் பதிவேடுகளிலிருந்து வந்த மதிப்பீடு. அளந்த விதமே வேறு என்பதால் வளர்ச்சி விகிதத்தைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆண்கள் பெண்களைப் போல மூன்று மடங்கா? நம்ப முடியவில்லையே.

மொத்த வரிசையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதே 2010 மதிப்பீட்டில் நாடு முழுக்க 100 பெண்களுக்கு சுமார் 293 ஆண்கள். பிரித்துப் பாருங்கள்: குடிமக்களில் 4.79 லட்சம் ஆண்கள், 4.69 லட்சம் பெண்கள், கிட்டத்தட்ட சரிபாதி. வெளிநாட்டினரில் 56.8 லட்சம் ஆண்களுக்கு 16.3 லட்சம் பெண்கள். குடும்பத்தை ஊரில் விட்டு கேம்ப்பில் தங்கி வேலை செய்யும் இளவயது ஆண்களே இந்த வித்தியாசத்துக்குக் காரணம். ஆகவே 293 என்ற எண் இந்த இரண்டு சமூகங்களில் எதையும் காட்டுவதில்லை. பிறப்பு விகிதம், முதியோர் பங்கு எதையும் மொத்த எண்ணை வைத்துப் பேசாதீர்கள். ஒருவர் அப்படிப் பேசினால், எந்தப் பத்தி என்று கேளுங்கள்.

கம்பெனி துபாயில், ரூம் ஷார்ஜாவில். நான் எங்கே?

வசிப்பிடத்தை வைத்து எண்ணினால் ஷார்ஜா. ஆனால் துபாய் புள்ளிவிவரத் துறை பகல்நேர மக்கள்தொகையைத் தனியாக வெளியிடுகிறது. தினமும் வெளியிலிருந்து வந்து போகும் உங்களைப் போன்றவர்கள் அதில் சேர்கிறார்கள். சாலை, மெட்ரோ திட்டமிட அந்த எண்தான் தேவை. குடிமக்கள் சதவீதத்தைக் கணக்கிட அதைப் பயன்படுத்தினால் தவறாகிவிடும்: வகுக்கும் எண் பெருத்து, குடிமக்கள் பங்கு இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும்.