ரோலரா, பிரஷ்ஷா, எல்இடி மாஸ்க்கா?

"கன்னத்துல பரு, பழைய பரு தழும்பு, காலைல கண்ணுக்குக் கீழ வீக்கம். ஜேட் ரோலர், கிளென்சிங் பிரஷ், எல்இடி மாஸ்க், எத வாங்கலாம்?"

ரோலர் கொலாஜன் கூட்டும்னு போட்டிருப்பாங்க, அதெல்லாம் சும்மா சிஸ்டர். ஃப்ரிட்ஜ்ல வச்சு உருட்டினா வீக்கம் கொஞ்ச நேரம் வடியும், குளிர்ந்த ஸ்பூனும் அதையேதான் செய்யும்.

பிரஷ் இப்போ வேணாம். சன்ஸ்கிரீன், மேக்கப்ப நல்லா எடுக்கும்தான், ஆனா பரு பழுத்திருக்கிறப்போ தேய்ச்சா எரிச்சலாகி, நம்ம நிறத்துக்குக் கருந்தழும்பு இன்னும் கூடும்.

மாஸ்க்லதான் கொஞ்சம் விஷயம் இருக்கு. 415 நானோமீட்டர் பக்கம் இருக்கிற நீல லைட் பரு பாக்டீரியாவைக் குறைக்கும், 630 பக்கம் சிவப்பு அழற்சியைத் தணிக்கும், அதுவும் லேசான சிவந்த பருவுக்குத்தான், பிளாக்ஹெட், பள்ளத் தழும்புக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு மூணு மாசம் விடாம போடணும். பாக்ஸ்ல நானோமீட்டர் போடாம "ஏழு கலர்"னு மட்டும் இருந்தா வாங்காதீங்க. மங்கு இருந்தா நீலம் அதைக் கருப்பாக்கலாம், டாக்ஸிசைக்ளின் மாதிரி வெளிச்சத்துக்குத் தோலைக் கூச வைக்கிற மாத்திரை எடுத்தா டாக்டர்கிட்ட கேக்காம போடாதீங்க.

நானா இருந்தா பருவுக்கு முதல்ல மெடிக்கல்ல 2.5% பென்சாயில் பெராக்சைடு ஜெல் வாங்குவேன், தலகாணி உறையை வெளுத்துடும், பாத்து.