உங்கள் மகளுக்கு வேண்டியது ஆறு மாதப் பயிற்சி அன்று

மதுரையிலிருந்து எழுதியிருக்கும் ஐயா அவர்களுக்கு,

இளநிலைப் புள்ளியியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துப் பகுதியில் 5.5 மதிப்பெண் எடுத்திருப்பதையும், அவர் சேர விரும்பும் முதுநிலைப் புள்ளியியல் படிப்புக்கு 6.5 கேட்பதையும் எழுதியிருந்தீர்கள். சென்னையில் ஆறு மாதம் தங்கிப் படிக்கும் பயிற்சியில் 45,000 ரூபாய் கட்டிச் சேர்த்துவிடுங்கள் என்று உறவினர்கள் நெருக்குவதாகவும், அதற்காக நகையை அடகு வைக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொல்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் இணைத்து அனுப்பிய மூன்று பயிற்சிக் கட்டுரைகளையும் படித்த பிறகு, அடகு வைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் மகளின் ஆங்கிலம் மோசமானதன்று. வாக்கியங்கள் ஓடுகின்றன, கருத்தும் தெளிவாக இருக்கிறது. ஒரே வகைத் தவறுதான் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வருகிறது: பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வர வேண்டிய ‘இன்’, ‘ஃபார்’ போன்ற முன்னிடைச்சொல் தவறாக விழுகிறது. ‘ரீசன் ஃபார் தி டிலே’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ரீசன் ஆஃப் தி டிலே’, ‘சொல்யூஷன் டு’ என்பதற்கு ‘சொல்யூஷன் ஃபார்’, ‘இன்க்ரீஸ் இன் சேல்ஸ்’ என்பதற்கு ‘இன்க்ரீஸ் ஆஃப் சேல்ஸ்’ என்று எழுதுகிறார். எழுத்துப் பகுதியின் மதிப்பெண், கேள்விக்குப் பதிலளித்த விதம், கருத்தின் கோவை, சொல்வளம், இலக்கணம் ஆகிய நான்குக்கும் சம எடை கொடுத்து இடப்படுகிறது. இந்தத் தவறு சொல்வளத்திலும் இலக்கணத்திலும் கைவைக்கிறது. மற்ற இரண்டிலும் அவருக்குப் பெரிய குறை தெரியவில்லை.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். தமிழில் ‘தாமதத்துக்குக் காரணம்’, ‘பிரச்சினைக்குத் தீர்வு’, ‘பணத்துக்குத் தேவை’ என்று மூன்றிலும் நான்காம் வேற்றுமையின் ‘கு’ ஒன்றே வேலையை முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த ஒரே ‘கு’ பிரிந்து, காரணத்துக்கு ‘ஃபார்’, தீர்வுக்கு ‘டு’, தேவைக்கு ‘ஃபார்’ என்று ஆகிறது. காரணம் என்ற ஒரு சொல்லுக்கே ‘ரீசன்’, ‘காஸ்’ என்று இரண்டு சொற்கள் இருக்க, முதலாவது ‘ஃபார்’ கேட்கிறது. இரண்டாவது ‘காஸ் ஆஃப் தி ஆக்சிடென்ட்’ என்று ‘ஆஃப்’ கேட்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைக்கும் மாணவருக்கு ‘ரீசன் ஆஃப்’ என்று வந்துவிடுவது இயல்பு.

இதற்குப் பொது விதி உண்டா என்று உங்கள் மகள் கேட்பார். ஓரளவுக்கு உண்டு. ஆன்சர், ரிப்ளை, கீ, சொல்யூஷன் போன்று ஒன்றுக்கு விடையாக அமையும் பெயர்கள் ‘டு’ கொள்கின்றன. நீட், டிமாண்ட், ரிக்வெஸ்ட் போன்று ஒன்றை வேண்டும் பெயர்கள் ‘ஃபார்’ கொள்கின்றன. ஆனால் நோய்க்குத் தீர்வான மருந்தைச் சொல்லும்போது ‘க்யூர் ஃபார்’ என்று விதி உடைந்துபோகிறது. ஆகவே விதியை நம்பி நிற்காமல், பெயரையும் அதன் பின் வரும் சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாக மனத்தில் பதிப்பதுதான் வழி. நீங்கள் அனுப்பிய பாடத்திட்டம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது. ‘இன்’ எங்கெல்லாம் வரும், ‘ஆஃப்’ எங்கெல்லாம் வரும் என்று முன்னிடைச்சொல் வாரியாக அட்டவணை போட்டு ஒப்பிக்க வைக்கிறார்கள். எழுதும்போது நமக்கு முதலில் தோன்றுவது பெயர்ச்சொல்தானே தவிர ‘இன்’ அன்று. அந்த அட்டவணைகளுக்காக ஆறு மாதம் செலவிட வேண்டியதில்லை.

உங்கள் மகளுக்கு மிக முக்கியமான இடம் எண்கள் வரும் இடம். தேர்வின் முதல் வினா பெரும்பாலும் வரைபடத்தையோ அட்டவணையையோ 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்கச் சொல்வது. புள்ளியியல் மாணவிக்குச் சொந்த ஊர் போன்ற வினா. ஒரு கடையில் கார் விற்பனை 200-இலிருந்து 260 ஆனது என்று வைத்துக்கொள்வோம். ‘அன் இன்க்ரீஸ் இன் சேல்ஸ்’ என்பதில் ‘இன்’ எது கூடியது என்று சொல்கிறது. ‘அன் இன்க்ரீஸ் ஆஃப் 60’ என்பதில் ‘ஆஃப்’ எவ்வளவு கூடியது என்று சொல்கிறது. ‘அன் இன்க்ரீஸ் டு 260’ என்பதில் ‘டு’ எங்கே போய் நின்றது என்று சொல்கிறது. மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. இதே போன்ற ஓர் இடத்தில் உங்கள் மகள் ‘அன் இன்க்ரீஸ் டு 60’ என்று எழுதியிருக்கிறார். படிப்பவர் விற்பனை 60-இல் முடிந்தது என்றே புரிந்துகொள்வார். அங்கே தவறிப்போனது இலக்கணம் மட்டும் அன்று, தரவும்தான். வினைச்சொல்லாக எழுதினால் அமைப்பு மாறும்: ‘சேல்ஸ் இன்க்ரீஸ்டு பை 60’. வினைக்கு ‘பை’, பெயருக்கு ‘ஆஃப்’ என்பதை அவர் கலந்துவிடுகிறார். ரைஸ், ஃபால், டிராப், டிக்ளைன் எல்லாம் இதே வழியில்தான் நடக்கும் என்பதால், ஒன்றைத் திருத்தினால் மற்றவையும் திருந்தும்.

‘டிஃபரன்ஸ்’ என்பதிலும் இதே பிரிவு உண்டு. எவை இரண்டுக்கும் இடையே என்பதற்கு ‘பிட்வீன்’, எதில் வேறுபாடு என்பதற்கு ‘இன்’: ‘தி டிஃபரன்ஸ் இன் பிரைஸ் பிட்வீன் தி டூ ஷாப்ஸ்’. ‘பிட்வீன்’ என்பதற்குப் பின் இரண்டையும் தனித்தனியே குறித்தால், இரண்டாவதற்கு முன் ‘அண்ட்’ வர வேண்டும். ‘பிட்வீன் 2010 டு 2015’ என்று அவர் இரண்டு இடங்களில் எழுதியிருப்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தம் கட்டுரைகளில் வரும் பெயர்ச்சொற்களை அவரே பொறுக்கி, ஆக்ஸ்போர்டு அல்லது லாங்மேன் நிறுவனத்தின் மாணவர் அகராதியில் பார்க்கட்டும்; இரண்டையும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெயர்ச்சொல்லுக்கான பதிவைத்தான் பார்க்க வேண்டும், வினைச்சொல்லுக்கானதை அன்று. ஏனெனில் ‘ஆன்சர் தி குவெஸ்டியன்’ என்னும் வினைக்குப் பின் முன்னிடைச்சொல் எதுவும் வராது, ‘தி ஆன்சர் டு தி குவெஸ்டியன்’ என்னும் பெயருக்குப் பின் ‘டு’ வரும். அகராதியின் எடுத்துக்காட்டுகளோடு பெயருக்கு அடுத்து வரும் சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டியிருப்பார்கள். அந்த எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றை இடப் பக்கத்தில் தமிழிலும் வலப் பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதி, சில நாள் கழித்து வலப் பக்கத்தை மூடிவிட்டுத் தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலமாக எழுதிப் பார்க்க வேண்டும். எந்தப் பெயரில் கை தடுமாறுகிறதோ அதை மட்டும் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம்.

இதனால் மட்டும் 6.5 கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 250 சொற்கள் எழுத வேண்டிய இரண்டாவது வினாவுக்கு முதல் வினாவைவிட இரு மடங்கு எடை உண்டு. அதில் வாதத்தை அமைக்கும் பழக்கம் தனியாக வேண்டும். அதற்கும் தம் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியரிடம் வாரம் ஒரு கட்டுரையைக் காட்டுவதே அவருக்குப் போதும்.

உறவினர்கள் புள்ளியியலை விட்டு லண்டனில் எம்பிஏ படிக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் மகளின் கட்டுரைகளில் வரைபடத்தை விவரிக்கும் பத்திகளே மிகச் சிறப்பாக இருக்கின்றன. எண்ணைக் கண்டதும் அவருடைய எழுத்தில் உற்சாகம் வருகிறது. அந்த நாட்டத்தை உறவினர் பேச்சுக்காக மாற்றாதீர்கள். தேர்வுக் கட்டணத்தையும் உடனே கட்ட வேண்டாம். முதல் வினா வகையில் தொடர்ந்து ஐந்து விடைகளை ‘இன்’, ‘ஆஃப்’, ‘டு’ பிசகாமல் அவர் எழுதிய பிறகு, அவற்றை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுத் தேதி குறிக்கலாம்.