தீபாவளி டெலிவரி எஸ்எம்எஸ்: தமிழ் எழுத்திலா, ரோமன் எழுத்திலா?

கேள்வி: ரோஸ் ஹில்லில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறோம். தீபாவளிக்கு டெலிவரி நேரமும் ஆஃபரும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பணும். தமிழில் அடித்தால் காசு இரண்டு மடங்கு ஆகும் என்கிறார்கள். ரோமன் எழுத்தில் தமிழை எழுதி அனுப்பினால் சனங்கள் படிப்பார்களா? எது நல்லது?

பதில்:

தமிழ் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழ் எழுத்திலேயே அனுப்புங்கள், ஆனால் 70 குறிக்குள் அடக்குங்கள். தெரியாதவருக்கு ரோமன் எழுத்தில் பிரெஞ்சோ கிரியோலோ அனுப்புங்கள். ரோமன் எழுத்தில் தமிழ் என்பதை மொரீஷியஸில் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ரோமன் எழுத்துகளுக்குரிய அடிப்படை அட்டவணையில் ஓர் எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து பிடிக்கும். தமிழ் அந்த அட்டவணையில் இல்லை. ஆகவே ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் செலவாகி, அதே 140 பைட்டில் 70 குறிதான் பிடிக்கும். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளைத் திரும்ப ஒட்டுவதற்கான தகவலுக்கு ஒவ்வொன்றிலும் 6 பைட் போய்விடுவதால், துண்டுக்கு 67தான் மிஞ்சும். ரோமனில் இதே கணக்கு 160, பிறகு துண்டுக்கு 153. கட்டணம் துண்டுக் கணக்கில்தான் விழும்.

குறி என்பது எழுத்து அல்ல. கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது கணக்கில் இரண்டாக இருக்கும். ‘க்’ என்றால் க ஒன்று, புள்ளி ஒன்று. ‘தீபாவளி’ பார்க்க நான்கு எழுத்து, கணக்கில் 7. ‘ஸ்ரீ’ என்று கடவுள் பெயருக்கு முன்னால் போட்டால் அதற்கே 4. விரல்விட்டு எண்ண வேண்டாம். எக்செல்லில் A1 கட்டத்தில் செய்தியை ஒட்டிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் இதை அடியுங்கள்:

```
=LEN(A1)
```

இப்போது ஒரு செய்தியை எடுத்துப் பார்ப்போம். கடைகள் வழக்கமாக இப்படித்தான் எழுதுகின்றன:

```
வணக்கம். உங்கள் தீபாவளி பலகாரப் பெட்டி நாளை சனிக்கிழமை காலை 10 மணிக்கு வந்து சேரும். மீதித் தொகை ரூ. 850.
```

இது 105 குறி. இரண்டு துண்டு, இரண்டு கட்டணம். கட்டணத்தைவிட எனக்கு உறுத்துவது அது வெட்டுப்படும் இடம். 67ஆவது குறி ‘மணிக்கு’ என்ற சொல்லுக்குள் வருகிறது. முதல் துண்டு ‘மணிக’ என்று முடியும், அடுத்த துண்டு புள்ளியில் தொடங்கும். நல்ல போன் இரண்டையும் ஒட்டிக் காட்டிவிடும். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை மாதிரி நெரிசல் நேரத்தில் ஒரு துண்டு முந்தியும் ஒன்று பிந்தியும் வந்தால், சில போன்களில் இரண்டாம் துண்டு புள்ளி வைத்த வட்டம் ஒன்றோடு ‘◌்கு வந்து சேரும்’ என்று தனியாக நிற்கும். 10 என்ற எண் ஒரு துண்டிலும் பணம் இன்னொன்றிலும் மாட்டிக்கொள்ளும்.

அதே செய்தியைச் சுருக்கினால்:

```
தீபாவளிப் பெட்டி சனி காலை 10-12 வரும். மீதி ரூ 850. போன் 5XXXXXXX
```

65 குறி. தொலைபேசி எண்ணும் சேர்ந்தே ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கிவிட்டது. இதையே ரோமனில் அடித்துப் பாருங்கள்:

```
Deepavali petti sani kaalai 10-12 varum. Meedhi Rs 850. Phone 5XXXXXXX
```

இது 70. அதாவது ரோமனில் எழுதினால் செய்தி குட்டையாவதில்லை, கொஞ்சம் நீளத்தான் செய்கிறது. ரோமனுக்குக் கிடைக்கும் இடம்தான் பெரிசு. உங்கள் செய்தி 70க்குள் அடங்கிவிட்டால் இரண்டுக்கும் ஒரே கட்டணம்தான். தமிழுக்கு இரண்டு மடங்கு என்ற பேச்சு, 70க்கு மேல் போகும் செய்திக்குத்தான் பொருந்தும். டெலிவரிச் செய்திக்கு 70 தாராளம். ‘வணக்கம்’, ‘உங்கள்’, ‘வந்து சேரும்’ ஆகியவற்றை எடுத்தால் யாருக்கும் எந்தத் தகவலும் குறைவதில்லை. 10 மணி என்று ஒற்றை நேரம் சொல்வதைவிட 10-12 என்று இடைவெளி சொல்வது வண்டி ஓட்டுகிறவருக்கும் நல்லது.

மேலே 5 குறி மிச்சம் வைத்தது வேண்டுமென்றேதான். தொகை 850 என்பது ஒருவருக்கு 1250 ஆகும். பெயரைத் தானாக நிரப்பும் வசதி இருந்தால் ஆசைப்பட்டுச் சேர்க்காதீர்கள். ‘சொக்கலிங்கம்’ என்ற பெயர் மட்டும் 12 குறி. பட்டியலில் நீளமான பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் செய்தி இரண்டாக உடையும், பில் வந்த பிறகுதான் தெரியும்.

பாதி தமிழ், பாதி ரோமன் என்று கலப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ரோமன் செய்தியின் தலையில் ‘வணக்கம்’ என்று ஒரு சொல்லைத் தமிழில் வைத்தால் செய்தி முழுவதும் 70 குறிக் கணக்குக்கு மாறிவிடும். ஒரே ஒரு தமிழ் எழுத்து போதும். விளக்குப் படம் 🪔 வைத்தாலும் அதே கதி, அதுவே இரண்டு குறி எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் பிரெஞ்சிலும் இந்தக் குழி உண்டு. é, è, à, ù நான்கும் அடிப்படை அட்டவணையில் இருக்கின்றன. ê, ô, â, சின்ன ç இல்லை. இதைப் பாருங்கள்:

```
Bonne fête Deepavali! Votre commande arrive samedi entre 10h et 12h. Reste à payer: Rs 850. Tel 5XXXXXXX
```

104 எழுத்து, 160க்குள்தான் இருக்கிறது. ஆனால் `fête`யில் உள்ள ஒரே ஒரு ê இதை இரண்டு எஸ்எம்எஸ் ஆக்கிவிடும். `fete` என்று அடித்தால் ஒன்று. போனில் அடிக்கும்போது தானாக வளைந்துகொள்ளும் மேற்கோள் குறியும் (’) இதே வேலையைச் செய்யும். நேர்க்குறியை (') வைத்து அடியுங்கள்.

இனி படிப்பதைப் பற்றி. ரோமனில் தமிழை எழுதும் வழக்கம் தமிழ்நாட்டில் ஒன்று, இங்கே ஒன்று. அங்கே ‘th’, ‘zh’, ‘u’ என்று எழுதுவதை ஆங்கிலம் பழகிய கண் எடுத்துக்கொள்ளும். இங்கே பிரெஞ்சு பழகிய கண்ணுக்கு ‘th’ வெறும் ட, ‘u’ என்றால் உதட்டைக் குவித்த வேறொரு ஒலி. உ என்ற ஒலிக்கு நாம் எதிர்பார்ப்பது ‘ou’ அல்லது ‘oo’. முத்து என்ற ஒரே பெயர் `Moutou` என்றும் `Mootoo` என்றும் இங்கே புழங்குகிறது. காவடி நமக்கு `Cavadee`. அப்படியிருக்க, ‘manikku’, ‘sanikkizhamai’ என்று அனுப்பினால் தமிழ் படிக்கத் தெரிந்தவரும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், தெரியாதவருக்கு அது எந்த மொழியுமில்லை. குறில் நெடில் பேதமும் போய்விடும். ‘pal’ என்றால் பாலா பல்லா என்று பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். `Deepavali`, `Cavadee`, `murukku` போன்று பார்த்துப் பழகிய சொற்களை ரோமனில் தாராளமாக வையுங்கள், முழு வாக்கியம் வேண்டாம்.

ஆஃபர் செய்தி சற்று வேறு. அதில் நிபந்தனை இருக்கிறது, கடைசி நாள் இருக்கிறது. தவறாகப் படித்தால் கடையில் வந்து சண்டை. இங்கே ஒரு சுருக்கத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: ‘கி’ என்பது கிலோவா கிராமா என்று தெரியாது. பொட்டலத்தில் இருக்கிற `kg`, `g`யையே போடுங்கள். செய்தி ஏற்கெனவே 70 கணக்கில் இருப்பதால் நடுவில் வரும் ரோமன் எழுத்துக்குத் தனியாக எதுவும் ஆகாது.

```
2 kg வாங்கினால் முறுக்கு 250 g இலவசம். 5ஆம் தேதி வரை. போன் 5XXXXXXX
```

67 குறி. ‘தீபாவளி ஆஃபர்’ என்று தலைப்பு வைக்கவில்லை, கடைப் பெயரும் இல்லை. பெயர் அனுப்புநர் இடத்தில் வரட்டும். அங்கே 11 ரோமன் எழுத்து வரை வைக்கலாம், அது இந்தக் கணக்கில் சேராது. ஆனால் அப்படிப் பெயரில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அனுப்ப முடியாது. அதனால்தான் போன் எண் உள்ளே இருந்தாக வேண்டும். எண்களை எல்லாம் 0-9லேயே எழுதுங்கள். நம் ரூபாய் நோட்டில் தமிழ் எண்கள் இருக்கின்றன என்பது பெருமைதான், ஆனால் ‘௮௫௦’ என்று அனுப்பினால் பணத்தைச் சரியாக எடுத்து வைக்கிறவர்கள் குறைவு.

யாருக்கு எது என்று எப்படித் தெரியும்? ஆர்டர் எடுக்கும்போதே “மெசேஜ் தமிழ்ல அனுப்பட்டுமா, ஃபிரான்சேல அனுப்பட்டுமா?” என்று கேட்டு, பட்டியலில் ஒரு பத்தி ஒதுக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தமிழ்ப் பெயருள்ள வீடுகளில் நிறையப் பேர் கிரியோலில்தான் வளர்ந்திருப்பார்கள். பள்ளியில் தமிழ் படித்த பிள்ளை இருக்கும் வீட்டில் பிள்ளை படித்துச் சொல்லும், ஆனால் போன் பாட்டியிடம் இருக்கும்.

அனுப்புவதற்கு முன் மூன்று போனுக்குச் சோதனையாக அனுப்புங்கள்: ஓர் ஆண்ட்ராய்டு, ஓர் ஐபோன், பொத்தான் வைத்த பழைய போன் ஒன்று. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக □□□ வந்தால் அந்தப் போனில் தமிழ் எழுத்துரு இல்லை. அந்த ஆளை ரோமன் பட்டியலுக்கு மாற்றுங்கள், வேறு வழியில்லை. ???? என்று வந்தால் போன் மேல் குற்றமில்லை. அனுப்பும் இடத்திலேயே செய்தி ரோமன் அட்டவணைக்கு மாற்றப்பட்டு எழுத்துகள் அழிந்துவிட்டன. அனுப்பும் மென்பொருளில் `Unicode` என்ற தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிட்டுத் திரும்ப அனுப்புங்கள். மூன்று போனிலும் ஒரே மாதிரி ???? வந்தால் இதுதான் காரணம்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் இந்த 70 கணக்கே கிடையாது. ஆனால் திறக்காமல் அறிவிப்பில் பார்க்கிறவர் முதல் வரியைத்தான் பார்ப்பார். அங்கேயும் நாளும் நேரமும் முன்னால் வரட்டும், வாழ்த்து கடைசியில்.