மேற்சொண்டு மயிரை மறைத்தால் முகம் மெழுகாகிறது: என்ன செய்வது?

"அக்கா, நான் புதுக்குடியிருப்பில ஒரு ஸ்டூடியோவில எடிட்டிங் செய்யிறன். கலியாணப் படங்களில பொம்பிளையின்ர மேற்சொண்டிலயும் கன்னத்திலயும் பூனைமயிர் தெளிவாத் தெரியுது. Blur போட்டா மயிர் போகுது, ஆனா தோலும் பொம்மை மாதிரி வருது. மயிரை மட்டும் எப்பிடிக் குறைக்கிறது?"

தம்பி, Photoshop-இன் Gaussian Blur-க்கு மயிர் எது, தோலின் துவாரம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுமே அதற்குச் சின்னச் சின்ன இருட்டுப் புள்ளிகள்தான், அதனால் இரண்டையும் சேர்த்தே கரைத்துவிடும். நானும் தொழில் பழகின காலத்தில் ஒரு அல்பத்தில் இதையே செய்தேன். கணினியில் அழகாக இருந்தது, 12×18 அங்குலத்தில் அச்சாகி வந்த பிறகு பார்த்தால் கன்னத்தில் துவாரம் இருக்கிறது, மூக்குக்குக் கீழே ஒன்றுமே இல்லை, "பிள்ளைக்குப் பிளாஸ்ரர் ஒட்டின மாதிரி இருக்கு" என்று பொம்பிளையின் சித்தி சொன்னார். அவர் சொன்னது சரி. மூக்கிலிருந்து சொண்டுக்கு இறங்கும் அந்தச் சின்னப் பள்ளத்தின் இரண்டு வரம்புகளையும்கூட அழித்திருந்தேன்.

மேற்சொண்டில் நீங்கள் பார்ப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. ஒன்று தனித்தனி மயிர்கள், மற்றது அவை சேர்ந்து உண்டாக்கும் சாம்பல் நிழல். இரண்டையும் ஒரே கருவியால் தீர்க்கப் போனால்தான் தோல் கெடும்.

மயிரிலிருந்து தொடங்குவோம். வற்றாப்பளை அம்மன் கோயில் வாசலில் பத்தரை மணி வெயிலில் எடுத்த ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல், பொம்பிளையின் முகம் பிரேமை நிறைத்து நிற்கிறது, வெயில் இடப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. மேற்சொண்டின் இரண்டு மூலையிலும் கறுப்பு மயிர் தெரிகிறது, இடக் கன்னத்தில் பவுடர் ஒட்டி வெள்ளையாக மினுங்குகிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர்.

மேற்சொண்டுக்கு ஒரு வெறும் லேயர் திறந்து, அந்த லேயரின் blend mode-ஐ Lighten ஆக்குங்கள். Clone Stamp கருவியை எடுத்து, அதன் Mode Normal ஆகவே இருக்கட்டும், Sample என்ற இடத்தில் Current & Below. Lighten போட்ட லேயர் கீழே உள்ளதை விட வெளிச்சமான இடத்தில் மட்டும் தெரியும், அதனால் கறுப்பு மயிர் மறையும், தோலின் மினுக்கம் அப்படியே நிற்கும். தூரிகை மயிரை விடக் கொஞ்சம்தான் அகலமாக இருக்கவேண்டும், இந்தப் படத்துக்கு 6 முதல் 10 பிக்சல் போதும். Alt பிடித்து மயிருக்குப் பக்கத்திலேயே, அதே வெளிச்சம் உள்ள சுத்தமான தோலை மாதிரி எடுங்கள், பிறகு மயிரின் நீளத்துக்கு ஒரு கோடு. இடத்தை நிரப்பித் தேய்க்கக் கூடாது, ஏனென்றால் துவாரமும் இருட்டுப் புள்ளிதான், தேய்த்தால் Lighten அதையும் நிரப்பிவிடும்.

இதில்தான் பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறார்கள், நல்ல எண்ணத்தோடுதான். மெதுவாகச் செய்வோம் என்று Opacity-ஐ 15 சதவீதத்தில் வைத்து ஒரே இடத்தில் ஐந்தாறு தரம் போடுவார்கள். ஒவ்வொரு தரமும் வேறு வேறு துண்டுத் தோல் அரைகுறையாக ஒன்றன்மேல் ஒன்று விழும், எல்லாம் சராசரியாகிக் கடைசியில் வருவது blur போட்ட அதே மெழுகு. நான் 80, 90 சதவீதத்தில் ஒரே கோடாகப் போட்டு மயிரை முழுக்க எடுத்துவிடுவேன், முடிந்த பிறகு அந்த லேயரின் Opacity-ஐ 60, 65-க்கு இறக்குவேன். கீழே உள்ள உண்மையான மயிர் லேசாகத் திரும்பி வரும், அது வரவேண்டும், அந்த முகத்தில் அது இருக்கிறது.

Healing Brush ஏன் வேண்டாம் என்றால், அது சுற்றியுள்ள நிறத்தோடு கலக்கும் கருவி. சொண்டின் ஓரத்துக்குக் கிட்டப் போனதும் லிப்ஸ்டிக் சிவப்பைத் தோலுக்குள் இழுத்துக்கொண்டு வரும். சொண்டுக்கு எட்ட, கன்னத்தின் நடுவில் என்றால் தாராளமாகப் பாவிக்கலாம்.

இனி நிழல். மேலே ஒரு Curves லேயர் போட்டு, கோட்டின் நடுவை மயிரிழை அளவு தூக்கி, Ctrl+I அடித்து mask-ஐக் கறுப்பாக்கி, Flow 5 சதவீத வெள்ளைத் தூரிகையால் நிழல் உள்ள இடத்தில் மட்டும் தடவுங்கள். அதன் பிறகும் சாம்பலோ பச்சையோ தெரிந்தால், Color mode-இல் இன்னொரு லேயர் போட்டு, நாடித் தோலின் நிறத்தை எடுத்து 10 சதவீதத்தில் ஒரு தரம் தடவினால் போதும். கன்னத்தின் நிறத்தை எடுக்காதீர்கள். எங்கள் ஆட்களுக்கு வாயைச் சுற்றிய தோல் கன்னத்தை விட இயல்பாகவே கொஞ்சம் கறுப்பு, கன்னத்தின் நிறத்துக்கு அதைக் கொண்டுவந்தால் கறுப்பு மீசை போய் வெள்ளை மீசை வந்திருக்கும். பிள்ளையை வெள்ளையாக்குவது இந்த வேலையில் இல்லவே இல்லை.

கன்னத்துக்கு லேயரின் mode Darken, ஏனென்றால் அங்கே மயிர் தோலை விட வெளிச்சம். தனித்துத் தெரியும் நாலைந்து நீள மயிரை மேலே சொன்ன மாதிரியே எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒன்றொன்றாக எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். Ctrl+Shift+Alt+E அடித்து எல்லா லேயரையும் ஒரே பிரதியாக்கி, Camera Raw Filter-க்குள் போய், masking தூரிகையால் அந்தக் கன்னத்தை மட்டும் தெரிந்து, Texture-ஐ -20 அல்லது -25 வரை இறக்குங்கள். அது நடுத்தர அளவுள்ள விபரத்தைத்தான் தணிக்கும், மிக நுணுக்கமான துவாரங்கள் பெரும்பாலும் தப்பும். Clarity-யைத் தொடவேண்டாம், அதை இறக்கினால் முகத்தின் மேடு பள்ளமே மங்கிவிடும். அப்புறம் காதுக்கு முன்னால் தாடை ஓரத்தில் பின்வெளிச்சத்தில் மினுங்குகிற மயிர் இருக்கிறதே, அதை முழுக்க வெட்டினால் முகம் கத்திரிக்கோலால் வெட்டி ஒட்டினதுபோல நிற்கும். பாதியாகக் குறைத்தால் போதும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு எனக்கு ஒரு அளவு உண்டு. வேலை 100 சதவீதத்தில், பார்வை 33 சதவீதத்தில். 24 மெகாபிக்சல் படம் 12×18-இல் அச்சாகும்போது கைக்கு வரும் அளவுக்குச் சாதாரணத் திரையில் கிட்டத்தட்ட அதுதான் சமம். 33-இல் கண் மேற்சொண்டில் தடக்காவிட்டால் கையை எடுத்துவிடுங்கள். 200-இல் உட்கார்ந்தால் மயிர் முடியவே முடியாது.

கடைசியில் Unsharp Mask போடுகிற பழக்கம் இருந்தால் அதைத் தனி லேயரில் போட்டு, mask-இல் மேற்சொண்டையும் அந்தக் கன்னத்தையும் கறுப்பால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் லேசாக விட்டுவைத்த மயிரை அது திரும்பக் கூராக்கும். லாபிலும் அச்சுக்கு முன் கூர்மை ஏற்றுவார்களா என்று கேளுங்கள். ஏற்றுவார்கள் என்றால் உங்கள் பக்கத்தில் போடவே வேண்டாம்.